யூடியூப் வீடியோவில் ‘Altered or synthetic content’: எப்போது, எதற்காக?

யூடியூபில் சில வீடியோக்களின் விவரப் பகுதியை விரித்தால் ‘Altered or synthetic content’ என்ற குறிப்பு தென்படும். வீடியோவின் ஒலியோ காட்சியோ பெருமளவில் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது கணினியால் புதிதாக உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். வீடியோ சொல்லும் செய்தி பொய் என்று அது சொல்லவில்லை. யூடியூப் அந்தச் செய்தியைச் சரிபார்த்ததாகவும் ஆகாது. பெரும்பாலும் வீடியோவைப் பதிவேற்றியவர் தாமே கொடுக்கும் தகவல்தான் அது.

2024 மார்ச்சில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பதிவேற்றும்போது யூடியூப் ஸ்டுடியோ ஒரு கேள்வி கேட்கிறது. ‘ஆம்’ என்றால் குறிப்பு சேர்கிறது. உண்மையான ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக, செய்யாததைச் செய்ததாகக் காட்டினால் ‘ஆம்’ சொல்ல வேண்டும். நடந்த நிகழ்வின் அல்லது உண்மையான இடத்தின் காட்சியை மாற்றினாலும், நடக்காத ஒன்றை நிஜம்போல உருவாக்கினாலும் அப்படியே. உண்மையில் இருக்கும் ஓர் ஊரை நோக்கிச் சூறாவளி வருவதுபோன்ற காட்சி இதில் அடங்கும்.

பார்ப்பவர் நிஜம் என்று நம்பிவிடக்கூடுமா என்பதுதான் இங்கே அளவுகோல். அதனால் கார்ட்டூனுக்கும், மனிதர் குதிரையில் ஏறி வானில் பறக்கும் கற்பனைக் காட்சிக்கும் குறிப்பு தேவையில்லை. நிறத்தைச் சரிசெய்வது, பின்னணியை மங்கலாக்குவது, அழகூட்டும் ஃபில்டர் போடுவது போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. ஸ்கிரிப்ட் எழுதவோ சப்டைட்டில் போடவோ ஏஐயின் உதவியைப் பெற்றாலும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இதை ‘ஏஐ முத்திரை’ என்று புரிந்துகொள்வது சரியல்ல.

பிரபல மருத்துவர் ஒருவரின் குரலை நகலெடுத்து, அவர் ஒரு மாத்திரையைப் பரிந்துரைப்பதுபோல வீடியோ தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசாததைப் பேசியதாகக் காட்டுவதால் பதிவேற்றியவர் ‘ஆம்’ சொல்லியாக வேண்டும். உடல்நலம், செய்தி, தேர்தல், பணம் சார்ந்த விஷயங்களில், குறிப்பு விவரப் பகுதியில் ஒளிந்திருக்காமல் ஓடும் வீடியோவின் மேலேயே தெரியும்படியும் வைக்கப்படுகிறது. இந்த வேறுபாடு நியாயமானது. விவரப் பகுதியை விரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அவர் சொல்லாமல் மறைத்தால், மக்கள் ஏமாறக்கூடும் என்று கருதும்போது யூடியூப் தானாகவே குறிப்பைச் சேர்க்கலாம். அதைப் பதிவேற்றியவரால் நீக்க முடியாது. தொடர்ந்து மறைப்பவரின் வீடியோ அகற்றப்படலாம், விளம்பர வருமானத் திட்டத்திலிருந்தும் அவர் நிறுத்திவைக்கப்படலாம். குறிப்பு இருந்தாலும், போலி மருத்துவ அறிவுரை மற்ற விதிகளை மீறினால் நீக்கப்படும்.

எந்த நொடியில் எது மாற்றப்பட்டது என்பதைக் குறிப்பு காட்டுவதில்லை. அது இல்லாததாலேயே ஒரு வீடியோ அசல் ஆகிவிடாது. பதிவேற்றியவர் சொல்லாமலும், யூடியூப் கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். விவரப் பகுதிக் குறிப்பு யூடியூப் பக்கத்தில் இருப்பதே தவிர வீடியோவுக்குள் பதிந்ததல்ல. அதே மருத்துவர் வீடியோவை ஒருவர் இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவர் கைக்குக் குறிப்பில்லாமலேதான் போய்ச் சேரும்.