முதலில் விலைப்பலகை, பிறகு சரக்கு

2010-ஆம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த ஜோயல் கேஸ்காய்ன் என்ற இளைஞருக்கு ஒரு யோசனை தோன்றியது. ட்விட்டரில் போட வேண்டிய பதிவுகளை மொத்தமாக எழுதி வைத்துவிட்டால், அவை நாள் முழுவதும் ஒவ்வொன்றாகத் தாமே வெளியாக வேண்டும். பஃபர் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் மென்பொருளை எழுத உட்காரவில்லை. இணையத்தில் ஒரே ஒரு பக்கத்தைப் போட்டார். பஃபர் என்ன செய்யும் என்று சில வரிகள், கீழே 'திட்டங்களும் விலையும்' என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். அதை அழுத்தியவர்களுக்கு, 'இன்னும் தயாராகவில்லை, மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், சொல்கிறோம்' என்ற பக்கம் வந்தது.

சிலர் முகவரி கொடுத்தார்கள். ஆனால் முகவரி கொடுக்கக் காசு செலவில்லை. அதனால் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே விலைப்பட்டியலைச் செருகினார்: இலவசம், மாதம் 5 டாலர், மாதம் 20 டாலர். காசு கேட்கும் திட்டங்களையும் சிலர் அழுத்திய பிறகே எழுதத் தொடங்கினார். ஏழு வாரத்தில் முதல் வடிவம் தயாராகி, நவம்பர் 30 அன்று வெளியானது. நான்காம் நாளில் முதல் சந்தாதாரர் காசு கட்டினார்.

அழுத்துவதும் காசு கட்டுவதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியையும் முன்கூட்டியே அளக்கத்தான் முன்பதிவு. நம் ஊர்க் கற்பனை உதாரணம் ஒன்றைப் பார்ப்போம்.

தையல்கடைகளுக்கு ஓர் ஆப் செய்ய நினைக்கிறார் ஒருவர். வாடிக்கையாளரின் அளவுகள் போனிலேயே இருக்கும், ஆண்டுக்கு 1,200 ரூபாய். ஒரு பக்கம் தயாரிக்கிறார். அளவு நோட்டைத் தேட வேண்டாம் என்று ஒரு வரி, மாதிரிப் படம் ஒன்று, விலை, 'இப்போது 300 ரூபாய் முன்பணம், மார்ச்சில் ஆப், வேண்டாமென்றால் முழுப் பணமும் திரும்ப' என்ற அறிவிப்பு, பணம் கட்டும் இணைப்பு. நூல், பட்டன் விற்கும் கடைகளில் கியூஆர் அட்டை வைத்துத் தையல்காரர்களை வரவைக்கிறார்.

தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைக்கிறார்: முன்பின் தெரியாதவர்கள் பத்துப் பேர் பணம் கட்டினால் செய்வேன், மூன்று பேருக்குக் கீழே போனால் விட்டுவிடுவேன், இடையில் நின்றால் சொல்லும் விதத்தை மாற்றி இன்னொரு முறை பார்ப்பேன். முன்பே எழுதாவிட்டால், வந்த எண் எதுவானாலும் மனசு அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும்.

150 பேர் பக்கத்தைப் பார்த்தார்கள். 30 பேர் பணம் கட்டும் பொத்தான்வரை போனார்கள். ஆறு பேர் கட்டினார்கள். நூற்றுக்கு நான்கு, மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஆறில் நான்கு பேர் மச்சான் சொல்லி வந்தவர்கள். அவர்கள் கட்டியது ஆப்புக்காக அல்ல, மச்சானுக்காக. மிச்சம் இரண்டே பேர். தாளில் எழுதியபடி, இந்த ஆப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் பொத்தான்வரை வந்து திரும்பிய 24 பேரிடம்தான் அடுத்த யோசனை இருக்கிறது. பக்கத்தில் போன் எண்ணையும் கேட்டிருந்ததால், அவர்களில் சிலரை அழைக்கிறார். "அளவு நோட்டுலயே இருக்குங்க. சொன்ன தேதிக்குத் துணி குடுக்க முடியலைங்கிறதுதான் தினம் சண்டை" என்கிறார் ஒரு டெய்லர். இன்னும் மூன்று பேர் அதையே சொல்கிறார்கள். விலை தடையில்லை, தீர்க்கப்போன தலைவலிதான் வேறு. தலைப்பு வரியை மாற்றி, டெலிவரி தேதியை நினைவூட்டும் ஆப்புக்கு இன்னொரு பக்கம் போடலாம். போன செலவு ஒரு வாரமும் கொஞ்சம் அட்டையும்.

எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கக் கூடாது. நூறு பேரில் மூன்று பேர் வாங்கினால், உண்மையான விகிதம் நூற்றுக்கு ஒன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். இந்தச் சோதனை 'யாருக்கும் வேண்டாம்' என்பதையும் 'பலருக்கு வேண்டும்' என்பதையும் பிரித்துக் காட்டும். முதலாண்டு வருமானத்தைக் கணக்குப் போட உதவாது.

இன்னொரு எல்லையும் உண்டு. 2014-இல் கூலஸ்ட் கூலர் என்ற, மிக்சியும் ஸ்பீக்கரும் வைத்த ஐஸ்பெட்டிக்காகக் கிக்ஸ்டார்ட்டரில் 62,000-க்கும் அதிகமானோர் 1.3 கோடி டாலருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். அவர்கள் வாங்கிய விலைக்குள் பெட்டியைச் செய்து அனுப்ப முடியவில்லை. 2019-இல் நிறுவனம் மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை. வேண்டும் என்பதை முன்பதிவு நிரூபித்தது, அந்த விலைக்குச் செய்ய முடியும் என்பதை அல்ல.

ஆகவே முன்பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், தொடாதீர்கள். பொருள் இன்னும் தயாராகவில்லை என்பதைப் பக்கத்திலேயே கண்ணில் படும்படி எழுதுங்கள். செய்வதில்லை என்று முடிவானால், அவர்கள் கேட்கும் முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள். அடுத்த யோசனையோடு நீங்கள் போய் நிற்கப்போவதும் அதே ஆட்களிடம்தான்.