தாளில் வராத திசை

பள்ளிப் புவியியல் பாடத்தில் மூன்று படங்கள் அடுத்தடுத்து வரும். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழ்ந்தால் இணையும் எல்லை. இரண்டு தட்டுகள் விலகி, நடுவே பாறைக்குழம்பு ஏறினால் விலகும் எல்லை. இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி எதிரெதிரே நகர்ந்தால் பக்கவாட்டு எல்லை. முதலாவதற்கு ஆண்டிஸ் மலை, இரண்டாவதற்கு அட்லாண்டிக்கின் நடுக்கடல், மூன்றாவதற்குக் கலிஃபோர்னியா என்று உதாரணம் போட்டிருக்கும். மூன்றும் உலகின் வெவ்வேறு மூலைகளில் நடக்கும் தனித்தனிக் கதைகள் என்றுதான் அந்தப் பக்கத்தை மூடும்போது தோன்றும்.

ஆனால் சென்னைக்கு நேர் கிழக்கே, அந்தமான் தீவுகளை ஒட்டிய ஒரே கடலில், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று இருப்பதால்தான் மற்ற இரண்டும் இருக்கின்றன. குறுக்குவெட்டுப் படத்தைப் படிக்கப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சார்ட் அட்டையை நீளவாக்கில் வைத்து, அந்தமானுக்கு மேற்கே கடலில் தொடங்குங்கள். தீவுகளைத் தாண்டி, பாரன் தீவைத் தொட்டு, சற்றே தெற்கே சாய்ந்து, தாய்லாந்துக் கரையில் முடியுங்கள். ஏறத்தாழ 700 கி.மீ. நீளம். அட்டையில் 70 செ.மீ. எடுத்துக்கொண்டால் ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர். ஆழத்துக்கும் அதே அளவையே வையுங்கள்.

வரைந்ததும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். மூன்று கிலோமீட்டர் ஆழமுள்ள கடல் வெறும் மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடாகிவிடும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாரன் எரிமலை, பென்சில் கூரால் வைத்த புள்ளி அளவுகூட வராது. கடலடி மேலோடு ஏழு மில்லிமீட்டர். பாடநூலில் பார்த்த செங்குத்து மலையும் கிணறு போன்ற அகழியும் எங்கே போயின? அவை ஆழ அளவை மட்டும் பல மடங்கு இழுத்து வரைந்தவை. அப்படி வரையாவிட்டால் கண்ணுக்கே தெரியாது என்பதால் அது குற்றமல்ல. ஆனால் படத்தின் ஓரத்தில் இருக்கும் இரண்டு அளவுகோல்களையும் ஒப்பிட்டுப் பார்க்காதவர், அமிழும் தட்டு கிணற்றில் விழும் கல்லைப் போலச் செங்குத்தாகப் போகிறது என்று நம்பிவிடுவார். உண்மையில் அந்தமானுக்குக் கீழே அது தொடக்கத்தில் ஒரு வண்டிப்பாதையின் சரிவுபோல மெல்லத்தான் இறங்குகிறது. ஆழம் போகப் போகத்தான் சரிவு கூடுகிறது.

இனி மேற்கு ஓரத்திலிருந்து படிப்போம். இந்தியத் தட்டு கிழக்கே வந்து அகழியில் தலை குனிகிறது. இங்கே அகழி பாடநூலில் உள்ளதுபோல ஆழமான பள்ளமாக இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதைப் பெரும்பாலும் நிரப்பிவிட்டது. தட்டு அமிழும்போது அந்த வண்டலை உள்ளே முழுதாகக் கொண்டுபோக முடிவதில்லை. துருவியில் தேங்காய் வழிவதுபோல மேல்தட்டின் விளிம்பு அதை வழித்து, மடித்து, அடுக்கடுக்காகக் குவிக்கிறது. இடையிடையே பழைய கடல்தரையின் துண்டுகளும் அதில் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் குவியலின் தண்ணீருக்கு மேலே தெரியும் முதுகுதான் அந்தமான் நிக்கோபார் தீவுகள். அவற்றை எரிமலைத் தீவுகள் என்று நினைப்பவர்கள் நிறைய. எரிமலை அங்கே இல்லை, இன்னும் கிழக்கே இருக்கிறது.

அகழியிலிருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, அட்டையில் இருபது சென்டிமீட்டர் தாண்டியதும் பாரன் தீவு வருகிறது. இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அது. நெடுங்காலம் உறங்கிவிட்டு 1991-ல் மறுபடி கக்கத் தொடங்கியது. அது ஏன் அகழிக்குப் பக்கத்தில் இல்லை? புள்ளிக்கு நேர் கீழே விரலை இறக்குங்கள். அமிழும் தட்டு அங்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தை எட்டியிருக்கும். அந்த ஆழத்தின் அழுத்தமும் சூடும், தட்டின் கனிமங்களுக்குள் பூட்டிக் கிடந்த கடல்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அந்த நீர் மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஊறுகிறது. பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவினால் சூடு ஏற்றாமலே அது உருகுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் ஊறிய கவசப் பாறையும் அப்படித்தான், உருகுநிலை இறங்கிப்போய் ஒரு பகுதி உருகுகிறது. அமிழும் தட்டு உருகி எரிமலையாகிறது என்று பல படங்களில் அம்பு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் உருகுவது தட்டல்ல, அதற்கு மேலே உள்ள கவசம்.

அந்த அம்பு தவறு என்றால், கவசம் முழுவதையும் சிவப்புக் குழம்பாகத் தீட்டுவது இன்னும் பெரிய தவறு. கவசம் திடப்பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல வழியும் திடம்.

தட்டு எந்தச் சரிவில் இறங்குகிறது என்பதை யார் போய்ப் பார்த்தார்கள்? நல்ல குறுக்குவெட்டுப் படத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தூவப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிலநடுக்கம் பிறந்த இடம். அகழிக்கு அருகே ஆழம் குறைவாகவும் கிழக்கே போகப் போக ஆழம் கூடியும் அவை ஒரு சாய்ந்த பட்டையாக விழும். ஜப்பானில் கியோ வடாட்டியும், பின்னர் அமெரிக்காவில் ஹ்யூகோ பெனியாஃபும் இந்தப் பட்டையைக் கண்டார்கள். படத்தில் உள்ள தட்டு ஓவியரின் கற்பனை, புள்ளிகளே சாட்சி.

2004 டிசம்பர் 26 காலை நம் நேரம் 6.29 மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய முறிவு அந்தச் சரிவின் மேல்பகுதியில்தான் நிகழ்ந்தது. அங்கே இரண்டு தட்டுகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஒட்டிக் கிடந்தன. அமிழும் தட்டு மேல்தட்டின் நுனியைத் தன்னோடு கீழே இழுத்தது, பின்பகுதி மெல்லப் புடைத்தது. பிடி விட்டதும் நுனி துள்ளி எழுந்தது, புடைத்த பகுதி தாழ்ந்தது. அட்டையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்கு மேற்கே மேல்நோக்கியும் கிழக்கே கீழ்நோக்கியும் அம்பு போட்டால் போதும், அந்தக் காலை புரிந்துவிடும். வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து காய்ந்து செத்தன. தெற்கே நிக்கோபாரின் கடைசி முனையான இந்திரா முனையில் நிலம் சுமார் நான்கு மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் நின்றது. எழுந்த பகுதி தன்மேல் இருந்த கடலையும் தூக்கியது. அதுவே சுனாமி.

இதுவரை படம் நமக்கு உண்மை சொல்லியது. இனிதான் அது மறைப்பதைக் கேட்க வேண்டும். அந்த முறிவின் நீளம் ஏறத்தாழ 1,300 கி.மீ. அட்டையில் அது எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அது தாளுக்குள் புகுந்து தாளிலிருந்து வெளியேறும் திசையில், தெற்கு வடக்காக இருக்கிறது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் வட்டம், நெடுக்கே வெட்டினால் பட்டை. கத்தி போன திசையைச் சொல்லாமல் எதைப் பார்த்தோம் என்று சொல்ல முடியாது.

இந்தியத் தட்டு போவது பெரும்பாலும் வடக்கே. அகழியோ இங்கே ஏறத்தாழ தெற்கு வடக்காகக் கிடக்கிறது. ஆகவே தட்டு நேராக முட்டி அமிழவில்லை, படகு துறைமேடையை உரசிக்கொண்டு போவதுபோல சாய்வாகப் போகிறது. அந்த உரசல் மேல்தட்டின் மேற்கு விளிம்பை ஒரு நீண்ட சிம்பாகப் பிளந்து வடக்கே இழுக்கிறது. அதற்குப் பர்மா சிறுதட்டு என்று பெயர். சிம்பு கிழியும் கோடு தெற்கே சுமத்ராப் பிளவு, வடக்கே மியான்மரின் சகாய்ங் பிளவு. இரண்டும் பக்கவாட்டு எல்லைகள். ஆனால் ஒன்றின் முனையும் மற்றொன்றின் முனையும் நேர்க்கோட்டில் இல்லை, நடுவே ஒரு விலகல் இருக்கிறது. சிம்பு வடக்கே போகப் போக அந்த விலகலில் நிலம் இழுபட்டுத் திறக்கிறது. அதுதான் அந்தமான் கடலின் விலகும் எல்லை. சுமார் 40 லட்சம் ஆண்டுகளில் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் திறந்திருக்கிறது, ஆண்டுக்குச் சராசரியாக மூன்று சென்டிமீட்டர்.

இங்கேயும் பாறை உருகுகிறது, காரணம் வேறு. குக்கருக்குள் நீர் நூறு டிகிரிக்கு மேல் சூடாகியும் கொதிக்காமல் இருக்கும், ஆவியைத் திறந்துவிட்டால் உடனே பொங்கும். தட்டுகள் விலகும்போது கீழிருந்து எழும் கவசப் பாறைக்கு அழுத்தம் குறைகிறது. சூடு கூடாமலே ஒரு பகுதி உருகிப் புதிய கடல்தரையாகிறது. ஆனால் இந்தத் திறப்பு வடவடமேற்கு, தென்தென்கிழக்காக நடக்கிறது. நம் அட்டையில் அது ஒரு தாழ்ந்த பள்ளமாக மட்டும் தெரியும். அதை நேராகக் காண வேறொரு வெட்டுக்கோடு வேண்டும்.

பக்கவாட்டு எல்லை அட்டையில் ஒற்றைச் செங்குத்துக் கோடு. எரிமலை கிடையாது, அகழி கிடையாது. அதன் இருபுறமும் இரண்டு சின்ன வட்டங்கள் மட்டும் இருக்கும், ஒன்றுக்குள் புள்ளி, ஒன்றுக்குள் பெருக்கல் குறி. புள்ளி நம்மை நோக்கி வரும் அம்பின் கூர், பெருக்கல் குறி விலகிப் போகும் அம்பின் வால் இறகு. வடக்கே பார்த்து நின்றால் சிம்பின் பக்கம் பெருக்கல் குறி. பாடப்படத்தில் பலரும் தாண்டிப்போவது இந்த வட்டங்களைத்தான்.

அவை என்ன சொல்கின்றன என்பதை 2025 மார்ச் 28 அன்று ஒரு காவல் கேமரா பதிவு செய்தது. சகாய்ங் பிளவில் 7.7 அளவு நடுக்கம். காட்சியில் ஒரு வாயிற்கதவு, அதற்கு அப்பால் செடிகள். முதலில் எல்லாம் குலுங்குகிறது. பிறகு, அப்பால் உள்ள நிலம் அப்படியே வலப்பக்கமாக நழுவிப் போய் நிற்கிறது, சுமார் இரண்டரை மீட்டர், ஒன்றிரண்டு விநாடிகளில். இடையில் பள்ளம் விழவில்லை, மேடு எழவில்லை.

பக்கவாட்டு நகர்வு கடலைத் தூக்குவதில்லை என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் நேர்ந்தது. சென்னையில் அதிர்வை உணர்ந்து மக்கள் வீதிக்கு வந்தார்கள், எச்சரிக்கையும் விடப்பட்டது. பெரிய அலை வரவில்லை. அது தட்டின் எல்லையில் அல்ல, இந்தியப் பெருங்கடல் தரைக்குள்ளேயே நேர்ந்தது. ஆனாலும் நகர்வு பக்கவாட்டானது.

நம் அட்டையின் மேற்கு முனையிலிருந்து சென்னை இன்னும் ஏறத்தாழ 1,200 கி.மீ. மேற்கே இருக்கிறது. 2004-ல் நடுக்கம் தொடங்கியதிலிருந்து மெரினாவில் அலை ஏற சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது.