டிராவல் டெஸ்க் திறந்து பார்க்கும் மெயில்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளை நம்பி நடக்கும் ஓட்டல்களுக்கு, ஏப்ரலுக்கு முந்தைய இரண்டு மாதங்கள் மெயில் அனுப்பும் பருவம். புது நிதியாண்டு முழுக்க ஒரே வாடகையில் அறை தருகிறோம் என்று கம்பெனிகளின் டிராவல் டெஸ்குக்கு எழுதுவார்கள். அதில் பெரும்பகுதி 'சிறப்புக் கட்டணச் சலுகை' என்ற தலைப்போடு போய், திறக்கப்படாமலேயே கிடக்கும்.

டிராவல் டெஸ்கில் இருப்பவர் விமான டிக்கெட், டாக்சி, அறை மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவர். ஓட்டல் எங்கே, வாடகை எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்ற மூன்றும் தலைப்பிலேயே அவருக்குத் தெரிய வேண்டும். 'ஒரகடம் அறை ரூ.4,200, காலை உணவுடன், ஏப்ரல் முதல் மார்ச் வரை' என்று எழுதினால் போதும். செல்போன் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் ஊரும் தொகையும் முன்னால் வரட்டும். ஓட்டல் பெயர்தான் அனுப்புநர் இடத்தில் தெரிகிறதே!

அடுத்தது முதல் இரண்டு வரி. மெயிலைத் திறக்காமலே இன்பாக்ஸில் கண்ணில் படுவது அதுதான். அங்கே போய் 'எழில்மிகு சூழலில் அமைந்த எங்கள் ஓட்டலை அறிமுகப்படுத்துவதில் பெருமை கொள்கிறோம்' என்று எழுதுவது வீண். எழுத வேண்டிய சரக்கு ஓட்டலின் பில் கணக்கிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி பில் கேட்டவர்கள் கம்பெனி பெயரைக் கொடுத்திருப்பார்கள். அதை வைத்துத் தேடினால் போதும். ஓர் உதாரணம்:

'வணக்கம். கடந்த ஓராண்டில் உங்கள் ஊழியர்கள் எங்களிடம் 140 இரவுகள் தங்கி, சராசரியாக இரவுக்கு ரூ.4,900 கட்டியிருக்கிறார்கள். வரும் ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு ரூ.4,200 என்று நிர்ணயித்துத் தருகிறோம். காலை உணவு உண்டு, ஜிஎஸ்டி தனி.'

இதைப் படிப்பவர் மனக்கணக்குப் போடுவார். இரவுக்கு 700 மிச்சம், 140 இரவுக்கு ரூ.98,000. மேலதிகாரியிடம் காட்ட அவருக்கு ஒரு தொகை கிடைத்துவிட்டது. தங்கியவர்களின் பெயரை மட்டும் எழுதக் கூடாது. அது விருந்தினரின் சொந்த விஷயம்.

'ஜிஎஸ்டி தனி' என்ற சொல்லை விட்டுவிட்டால் பின்னால் வம்பு வரும். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையுள்ள அறைக்கு 5 சதவீத வரி. ஆக 4,200 ரூபாய் அறைக்கு பில் 4,410 ஆகும். வரியும் சேர்த்துத்தான் 4,200 என்று நினைத்துக் கையெழுத்திட்டவர் முதல் பில்லிலேயே சண்டைக்கு வருவார்.

இன்னொரு பொறி இருக்கிறது. மெயில் கிடைத்ததும் டிராவல் டெஸ்கில் இருப்பவர் முதலில் செய்வது, அதே ஓட்டலை முன்பதிவு ஆப்பில் தேடுவது. அங்கே அதே அறை, அதே காலை உணவுடன், 3,900 ரூபாய்க்குக் கிடந்தால் உங்கள் மெயில் அதோடு சரி. ஆகவே அனுப்பும் முன் வரும் சில வாரங்களின் ஆப் விலையை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.