ஓஸ் நாட்டு வானிலை

ஓஸ் என்னும் கற்பனை நாட்டில் நாள்கள் மூவகை: மழை, தெளிவு, பனி. கெமனி, ஸ்னெல், தாம்சன் ஆகியோரின் பாடநூல் தந்த இந்த மாதிரியில், நாளைய வானிலை இன்றையதை மட்டுமே சார்ந்தது. தெளிந்த நாளுக்கு மறுநாள் தெளிவு கிடையவே கிடையாது. மழைக்கும் பனிக்கும் சரிபாதி வாய்ப்பு. மழையோ பனியோ இருந்தால், மறுநாளும் அதுவே தொடர 1/2 வாய்ப்பு. மற்ற இரண்டுக்கும் தலா 1/4.

நீண்டகால விகிதம் என்பது ஒரு நாள் கழிந்தாலும் மாறாத விகிதம். தெளிவின் பங்கை n என்க. மழை, பனி நாள்களின் கால்பங்கே மறுநாள் தெளிகிறது: n = (1 − n)/4. எனவே n = 1/5. மழைக்கும் பனிக்கும் விதி ஒன்றுபோலவே இருப்பதால் மீதி சமமாகப் பிரிந்து தலா 2/5 ஆகும். மழையைச் சரிபார்த்தால்: 1/5 + 1/10 + 1/10 = 2/5.

எதில் தொடங்கினாலும் இவ்விகிதத்திலிருந்து விலகல் நாளுக்கு நாள் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். ஆனால் பனி வந்தால் விலகவே விலகாது என்று விதி மாறினால், முடிவில் எல்லாமே பனிதான்.