நடப்போர் அடியும் பாலத்தின் ஆட்டமும்

பாலம் கட்டுவோர் முதலில் கேட்கும் வினா, "இது பாரத்தைத் தாங்குமா?" என்பதாகும். மனிதர் மட்டும் நடக்கும் மெல்லிய எஃகுப் பாலத்துக்கு இரண்டாவது வினாவும் உண்டு: "நடப்போர் அடிவைப்பில் இது ஆடுமா?" முதல் வினாவில் தேறிய பாலம் இரண்டாவதில் தவறக்கூடும்.

கிளமெண்டியில் மக்கள் சாலையைக் கடக்க ஏறி இறங்கும் மேம்பாலங்களில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. அவை குறுகிய தூரத்தையே தாண்டுவதால் விறைப்பு மிக்கவை. தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம் கூடக்கூடப் பாலம் விறைப்புக் குன்றி, மெல்ல அசையும் இயல்பைப் பெறுகிறது. சிங்கப்பூரின் கீழ்க்கோடியில், சாங்கி விமான நிலைய எம்ஆர்டி நிலையத்தில் இடைத்தூணின்றி 140 மீட்டர் தாண்டும் எஃகு நடைபாலம் இத்தகையது.

நடையின் தாளம்

இயல்பாக நடப்பவர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். ஒவ்வோர் அடியும் பாலத்தைக் கீழ்நோக்கி ஒருமுறை அழுத்துகிறது. பக்கவாட்டிலோ நிலைமை வேறு. இடக்கால் ஒரு பக்கமும் வலக்கால் மறுபக்கமும் தள்ளுவதால், இரண்டு அடிகள் சேர்ந்தே ஒரு முழுச் சுற்றாகின்றன. ஆகவே பக்கவாட்டுத் தள்ளலின் தாளம் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றே.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு குழந்தையும் அதை உயர ஆட்டிவிடும். பாலத்துக்கும் அதுபோல் ஒரு சொந்தத் தாளம் உண்டு. அத்தாளம் நடையின் தாளத்தோடு பொருந்துவதே ஒத்ததிர்வு எனப்படும். சாங்கிப் பாலத்தின் பக்கவாட்டுத் தாளம் விநாடிக்கு 0.9 முறை. நடையின் தாளத்துக்கு இது மிக நெருக்கம்.

சகிப்பின் எல்லை

ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பு, மேல்கீழ் அசைவின் முடுக்கம் 0.7 மீட்டர்/விநாடி² அளவுக்கும், பக்கவாட்டில் 0.2 அளவுக்கும் மிகாதிருக்க வேண்டும் என்கிறது. விநாடிக்கு 0.9 முறை ஆடும் பாலம் நடுநிலையிலிருந்து இருபுறமும் ஆறு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பக்கவாட்டு எல்லை வந்துவிடும். மேல்கீழ் அசைவை முழங்கால் ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. தரை பக்கவாட்டில் நகரும்போதோ, நடப்பவர் விழாதிருக்கக் காலை அகட்டி, அசைவுக்கேற்ப அடி வைக்கிறார்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. அவ்வாறு வைக்கும் அடி ஆட்டத்தை மேலும் வளர்க்கிறது. வளர்ந்த ஆட்டம் மேலும் பலரைத் தன் தாளத்துக்கு இழுக்கிறது. லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10ஆம் நாள் திறக்கப்பட்டபோது இதுவே நிகழ்ந்தது. இரு நாளில் மூடப்பட்ட அப்பாலம் 2002இல்தான் மீண்டும் திறந்தது. அதை வடிவமைத்த ஆரப் நிறுவனத்தார் செய்த சோதனைகளில், கூட்டத்தின் தள்ளுவிசை பாலம் நகரும் வேகத்துக்கேற்ப வளர்வது புலப்பட்டது.

எத்தனை பேர்?

பாலத்துக்குத் தன் ஆட்டத்தைத் தானே அடக்கும் ஆற்றல் சிறிது உண்டு. இதற்குத் தணிப்பு என்று பெயர். நடப்போர் ஊட்டும் ஆற்றல் தணிப்பை மிஞ்சும் கணத்தில் ஆட்டம் கட்டுமீறுகிறது. அந்த ஆள்தொகையை ஆரப் சூத்திரம் தருகிறது:

N = 8π c f M / k

இதில் c தணிப்பு விகிதம்; f பக்கவாட்டுத் தாளம்; M ஆட்டத்தில் பங்குகொள்ளும் நிறை; k லண்டனில் கண்ட மாறிலி, ஏறத்தாழ 300. எடுத்துக்காட்டாக ஒரு பாலத்துக்கு c 0.005, f 0.9, M 1,00,000 கிலோகிராம் எனக் கொண்டால், N ஏறத்தாழ 38. நூற்றுக்கணக்கானோரைத் தாங்கும் வலிமையுள்ள பாலம், 38 பேர் நடையில் நிலைகுலைந்து ஆடத் தொடங்கும்.

இதற்கு இரு பரிகாரங்கள் உள்ளன. ஒன்று, பாலத்தை விறைப்பாக்கி அதன் தாளத்தை நடைக்கு எட்டாமல் உயர்த்துவது. ஆனால் தாளத்தை 0.9இலிருந்து 1.3 ஆக்குவதற்கே விறைப்பை இருமடங்காக்க வேண்டும்; அதற்கான எஃகும் செலவும் மிகுதி. மற்றது, தணிப்பைக் கூட்டுவது. பாலத்தின் தாளத்துக்கே இசைவித்த ஒரு பளுவைச் சுருள்வில்லோடும் தணிப்பானோடும் பொருத்தினால், பாலம் ஒருபுறம் செல்லும்போது பளு பின்தங்கி அதை எதிர்த்து இழுக்கும். தணிப்பு பத்து மடங்கானால், மேற்சொன்ன 38 பேர் 377 ஆகிவிடுவர்.

கணக்கின் எல்லை

தணிப்பின் அளவை வரைபடத்திலிருந்து துல்லியமாக அறிய வழியில்லை. இணைப்புகள், தரைவிரிப்பு, கைப்பிடி அனைத்தும் அதை மாற்றுகின்றன. அன்றியும் k என்பது ஒரு பாலத்தில் பெற்ற அளவு. ஆகவே கட்டி முடித்த பாலத்தை அளந்தே தீர்மானிக்க வேண்டும். சாங்கியில் ஜேம்ஸ் பிரௌன்ஜான் முதலிய ஆய்வாளர்கள் அதையே செய்தனர். பாலம் பக்கவாட்டில் ஆடக்கூடும் என்று முன்பே கணித்த அவர்கள், 150 பேர் வரை அதன்மீது நடக்கவைத்து அளந்தபோது கணிப்பு மெய்யாயிற்று. சூத்திரம் ஐயத்தை எழுப்புகிறது; அதைத் தீர்ப்பது நடப்போரின் காலடியே.