நூறு நாளில் ஒரு நாள் எவ்வளவு போகும்?

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 1 சதவீதம், அது மணி வடிவ இயல்நிலைப் பரவலில் அமைகிறது என்று நம்பியிருந்தவரின் கணக்குப்படி, பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படியொரு நாள் வரக்கூடாது.

நிதி நிறுவனங்கள் இடரை அளக்கப் பயன்படுத்தும் 'வேல்யூ அட் ரிஸ்க்' கணக்கின் ஒரு வடிவம் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. 1 கோடி ரூபாய் முதலீடு, திட்ட விலக்கம் 1 சதவீதம், சராசரி லாபம் பூஜ்யம் என்று கொள்வோம். 99 சதவீத நிலைக்கான பெருக்கெண் 2.33. ஆகவே ஒரு நாள் நஷ்டம் 2.33 லட்சத்தைத் தாண்டுவது நூறு நாளில் சராசரியாக ஒரு முறைதான்.

சந்தையோ அவ்வளவு சமச்சீரானது அல்ல. ஏறும்போது மெல்ல ஏறி, இறங்கும்போது தடாலென்று இறங்கும். இந்தச் சாய்வை அளப்பது கோட்ட அளவை (S). அதீத நாள்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதைக் காட்டுவது மிகைத் தட்டை அளவை (K). இயல்நிலைப் பரவலில் இரண்டுமே பூஜ்யம். எக்செலின் KURT இந்த மிகையைத்தான் தருகிறது. அதிலிருந்து மறுபடி 3-ஐக் கழித்துவிடக் கூடாது.

கார்னிஷும் ஃபிஷரும் 1937-இல் தந்த விரிவாக்கம், இந்த இரண்டையும் கொண்டு பெருக்கெண்ணைத் திருத்துகிறது:

```
z + (z²−1)S/6 + (z³−3z)K/24 − (2z³−5z)S²/36
```

நஷ்டப் பக்கம் என்பதால் z = −2.326. நம் முதலீட்டுக்கு S = −0.5, K = 3 என்றால் விடை −3.30. நஷ்ட எல்லை 3.30 லட்சமாகிறது, ஏறக்குறைய ஒரு லட்சம் கூடுதல்.

இதையே 95 சதவீத நிலையில் செய்தால் 1.64 லட்சம் வெறும் 1.72 லட்சமாகத்தான் உயரும். அந்த இடத்தில் K-க்கான திருத்தம் நஷ்டத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது. தடித்த வால் உண்மையில் தெரிவது அதன் நுனியில்தான். 95-ஐ மட்டும் பார்த்து 'பெரிய வித்தியாசமில்லை' என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. 99 சதவீத நிலையில் S = −1 வரை கோட்டத்தால் நஷ்டம் கூடுகிறது; அதைத் தாண்டினால் S² உறுப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. S = −2 ஆகும்போது இரண்டும் ஏறக்குறைய அடிபட்டுப்போய், கோட்டமே இல்லாதது போன்ற விடை வரும்! கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி: S-ஐ இன்னும் சற்று மோசமாக்கிப் பார்க்க வேண்டும். நஷ்ட எல்லை குறைந்தால் சூத்திரம் அதன் வரம்பைத் தாண்டிவிட்டது; அப்போது பழைய விலைத் தரவில் நேரடியாக மிக மோசமான நாள்களை எண்ணுவதே மேல்.

அதோடு, S, K இரண்டையும் ஒரே ஒரு சரிவு நாள் தலைகீழாக மாற்றிவிடும். 2020 மார்ச்சைத் தரவில் சேர்த்தும் விட்டும் இரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளையும் அறிக்கையில் எழுதுங்கள்.