நடுவில் நிற்கும் இரு பதிலாட்கள்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் கணினிக் கூடத்தில் 60 கணினிகள். கல்லூரிக்குள் ஓடும் கம்பிகள் வினாடிக்கு 100 மெகாபிட் சுமக்கும். வெளியுலகோடு இணைக்கும் கம்பியோ 2 மெகாபிட்தான் சுமக்கும்.

ஆசிரியர் 50 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை எல்லோரும் இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஒரு பைட்டுக்கு 8 பிட். எனவே கோப்பின் அளவு 400 மெகாபிட். வெளிக்கம்பி வழியாக அது வந்துசேர 200 வினாடி ஆகும். அறுபது பேரும் தனித்தனியே வரவழைத்தால் 12,000 வினாடி, அதாவது 3 மணி 20 நிமிடம்!

இதற்கு என்ன வழி? கல்லூரியின் வாயிலில் ஒரு பதிலாளை நிறுத்துவதுதான். இதனை 'ஃபார்வர்டு ப்ராக்ஸி' என்பர். கணினிகள் இதனிடமே கேட்கும். இது வெளியே சென்று கோப்பை ஒரே முறை கொண்டுவந்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இந்தச் சேமிப்பே 'கேஷ்'. உள்கம்பியில் ஒரு கோப்பு செல்ல 4 வினாடி போதும். ஆகவே 200 வினாடியும், அறுபது பேருக்கும் கொடுக்க 240 வினாடியும் சேர்ந்து 440 வினாடியில், அதாவது எட்டு நிமிடத்திற்குள் வேலை முடிந்துவிடும். 1996-இல் வெளிவந்த 'ஸ்குவிட்' என்ற நிரல் இப்பணியில் புகழ்பெற்றது. அதன் குறிப்பேட்டில் முதல் கணினிக்கு `TCP_MISS` என்றும், நகல் பெற்றவற்றுக்கு `TCP_HIT` போன்ற சொற்களும் பதிவாகும்.

இனி மறுபக்கம் வாருங்கள். அதே கல்லூரி தன் இணையதளத்தில் தேர்வு அட்டவணையை வெளியிடுகிறது. பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் இருக்கும் மாணவர்கள் ஒரே நிமிடத்தில் ஆயிரம் முறை அதைக் கேட்கிறார்கள். இங்கே சர்வருக்கு முன்னால் நிற்பது 'ரிவர்ஸ் ப்ராக்ஸி'. பக்கத்தின் நகலை 60 வினாடி வைத்திருக்கச் சொன்னால், அந்த நிமிடத்தில் சர்வர் ஒரு முறை உழைத்தால் போதும். விக்கிபீடியா இந்த வேலைக்கும் ஸ்குவிட்டையே பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே வேறுபாடு நிரலில் இல்லை. யாருக்காகப் பேசுகிறது என்பதில்தான் இருக்கிறது. முன்னது கேட்பவரின் ஆள். பின்னது கொடுப்பவரின் ஆள்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. அட்டவணை எல்லோருக்கும் ஒன்றே; மதிப்பெண் பக்கம் அப்படியா? அதையும் கேஷில் வைத்தால், ஒருவருடைய மதிப்பெண் மற்றொருவர் திரையில் தோன்றிவிடக் கூடும். அதனால் அத்தகைய பக்கத்துடன் சர்வர் இவ்வாறு சொல்லி அனுப்ப வேண்டும்:

```
Cache-Control: private
```

பொதுச் சேமிப்பில் வைக்காதே என்பது இதன் பொருள். நீங்கள் பெற்ற பக்கம் நகலா என அறிய, பதிலின் தலைப்பில் `Age: 45` போன்ற வரி உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால் அது 45 வினாடிப் பழைய நகல்.

இன்று பெரும்பாலான தளங்கள் `https` வழியே, முத்திரையிட்ட உறையில் செய்தி அனுப்புகின்றன. ஃபார்வர்டு ப்ராக்ஸிக்கு உறையின் மேல் உள்ள முகவரிதான் தெரியும். உள்ளே இருப்பதை அறியாமல் நகல் எடுப்பது எங்ஙனம்? ரிவர்ஸ் ப்ராக்ஸியோ தளத்தின் சொந்த ஆள். உறையைத் திறக்கும் சாவி அதனிடம் உண்டு. எனவே கல்லூரி வாயிலில் நிற்கும் பதிலாள் இன்று பெரும்பாலும் காவலாளியாகவே பணிபுரிகிறது. சர்வர் வாயிலில் நிற்பதோ நகல்களை இன்றும் வழங்கி வருகிறது.